வீட்டுப் பொருள்களுக்குப் போலி எச்சரிக்கை லேபிள் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண டிபன் டப்பாவில் ஓர் எச்சரிக்கை லேபிள் ஒட்டியிருந்தால் ஏன் சிரிப்பு வருகிறது?

டிரான்ஸ்பார்மர் கம்பத்திலும் மருந்து பாட்டிலிலும் கேட்டுப் பழகிய குரல் திடீரென்று நம் சமையலறை அலமாரியிலிருந்து பேசுகிறது. சிரிப்பின் முதல் பாதி அதுதான். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று சொல்லும் குரலுக்கு முகம் கிடையாது, கோபம் கிடையாது, சிரிப்பும் கிடையாது. அது சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். அதே குரல், அதே முகபாவத்தோடு, ‘மூடி தனியாகத் திரும்பி வரலாம்’ என்று சொன்னால் ஒரு கணம் கீழ்ப்படியத் தயாராகிறோம். அடுத்த கணம் சொல்லப்பட்ட விஷயம் உறைக்கிறது. அந்த இரண்டு கணங்களுக்கும் நடுவில் சிரிப்பு பிறக்கிறது.

இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லேபிள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். டப்பாவும் மூடியும் வேறு வேறு நாளில் திரும்பி வருவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, ஆனால் அதை யாரும் எழுதி வைத்ததில்லை. எழுத்தில் பார்க்கும்போது ‘அட, ஆமாம்’ என்று தோன்றுகிறது. பொய்யைச் சொல்லும் லேபிள் வினோதமாக இருக்கும், சிரிப்பு மட்டும் வராது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், ‘எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப’ என்று சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கிறது. போலி லேபிள் பெரும்பாலும் பேதைமையில் நிற்கிறது. இங்கே பேதை யார் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. லேபிள்தான் பேதை. தான் சொல்வது வேடிக்கையானது என்று அதற்குத் தெரியாது. இரவல் போன டப்பாவையும் 11,000 வோல்ட் மின்கம்பியையும் அது ஒரே சிரத்தையோடு பார்க்கிறது. எழுதுகிறவர் இதைக் கடைசி வரி வரை காப்பாற்ற வேண்டும். ‘நான் ஜோக் அடிக்கிறேன்’ என்று லேபிள் ஓரிடத்தில் கண்ணடித்தாலும் பேதைமை போய்விடும். மிஞ்சுவது எள்ளல், அதுவும் சுமாரான எள்ளல்.

நிஜமான எச்சரிக்கைகளே சில சமயம் சிரிப்பு மூட்டுகின்றனவே, அவற்றிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்?

நிறையக் கற்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பொருள்களில் அச்சாகும் விசித்திரமான எச்சரிக்கைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி நடந்து வந்தது. அதில் பரிசு பெற்றவற்றில் ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தில் இருந்த வாசகம்: ‘இந்த இயந்திரத்துக்குள் எந்த நபரையும் போட வேண்டாம்.’ இன்னொன்று கழிப்பறை பிரஷில் இருந்தது: ‘உடல் சுத்தத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.’ இரண்டையும் எழுதியவர்களுக்குச் சிரிக்க வைக்கும் எண்ணமே இருந்திருக்காது. எச்சரிக்கத் தவறினால் உற்பத்தியாளர் வழக்கில் பதில் சொல்ல வேண்டிவரும் நாடு அது. அதனால் எதையும் விடாமல் எழுதுகிறார்கள்.

அந்த வாசகங்களில் உரிச்சொல் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ‘எந்த நபரையும்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘குழந்தையை’ என்று இருந்தால் மனம் பதறும், சிரிப்பு வராது. ‘எந்த நபரையும்’ என்ற பொதுச்சொல், பெரிய ஆள் ஒருவரை மடக்கி உள்ளே திணிக்கும் காட்சியை வாசகர் மனத்தில் தானாக எழுப்புகிறது. லேபிள் அந்தக் காட்சியைச் சொல்லவே இல்லை. விதியை மட்டும் சொல்லி, அந்த விதி தேவைப்பட்ட சம்பவத்தை வாசகர் கற்பனைக்கு விட்டுவிட வேண்டும். போலி லேபிள் எழுதுவோர் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘அபாயம்’ என்று பெரிதாகச் சிவப்பில் போட்டால்தானே எடுபடும்?

எடுபடாது. போலி லேபிளில் நம்பகத்தன்மை முதலில் உடைவது இந்த இடத்தில்தான்.

தலைப்பில் வரும் சொல்லுக்கு நிஜ உலகில் அளவுகோல் இருக்கிறது. பொருள்களின் பாதுகாப்பு லேபிள்களுக்கான அமெரிக்கத் தரநிலை ஆன்சி இசட்535.4 நான்கு படிகள் வைத்திருக்கிறது. தவிர்க்காவிட்டால் மரணமோ கடும் காயமோ நிச்சயம் என்றால் முதல் படி, சிவப்பில் வெள்ளை எழுத்து. மரணமோ கடும் காயமோ நேரலாம் என்றால் இரண்டாவது, ஆரஞ்சில் கறுப்பு எழுத்து. சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரலாம் என்றால் மூன்றாவது, மஞ்சளில் கறுப்பு எழுத்து. உடலுக்கு எந்தக் காயமும் இல்லாத விஷயம் என்றால் நான்காவது, நீலத்தில் வெள்ளை எழுத்து. இந்த நான்காம் படியில் ஆச்சரியக்குறி போட்ட முக்கோணமும் வராது. தமிழில் இவற்றுக்கு முறையே அபாயம், எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்ற சொற்களை வைத்துக்கொண்டால் படிக்கிறவர் காதுக்கு இயல்பாக இருக்கும். ‘அபாயம்’ என்றதும் நமக்கு மண்டையோடும் குறுக்கு எலும்பும்தான் நினைவுக்கு வரும், அந்தச் சொல் அவ்வளவு கனமானது.

டப்பா திரும்பி வராததால் யாருக்கும் அடிபடாது. ஆகவே அதற்குரிய சொல் ‘அறிவிப்பு’, அதற்குரிய நிறம் நீலம். படியை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால், யாரோ ஓர் அலுவலர் இந்த விஷயத்தை உட்கார்ந்து தரம் பிரித்திருக்கிறார் என்ற எண்ணம் வரும். சிரிப்புக்கு அந்த எண்ணம்தான் தேவை. எல்லாவற்றுக்கும் ‘அபாயம்’ போட்டால் எழுதியவர் கத்துகிறார் என்றுதான் தெரியும்.

மேற்படிக்குப் போக நியாயமான பொருள்களும் வீட்டில் இருக்கின்றன. இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்துக்கொள்வது நிஜமான சிறு காயம். கட்டில் காலுக்கு மஞ்சள் ‘கவனம்’ முழுக்கப் பொருந்தும்.

எந்தத் தமிழில் எழுத வேண்டும்? பேச்சுத் தமிழிலா, செந்தமிழிலா?

இரண்டும் வேண்டாம். லேபிளுக்கென்றே ஒரு தமிழ் இருக்கிறது. ‘வைக்கவும்’, ‘பயன்படுத்த வேண்டாம்’, ‘நேரிடலாம்’, ‘பொறுப்பல்ல’ என்று முடியும் தமிழ். அதில் ‘நான்’ இல்லை, ‘நீங்கள்’ இல்லை, ‘தயவுசெய்து’ கூட அபூர்வம். செய்பவர் யார் என்று சொல்லாமல் ‘கொடுக்கப்படும்’, ‘திருப்பித் தரப்படும்’ என்று செயப்பாட்டு வினையில் நகரும். சாதாரண உரைநடையில் இது எழுத்தைக் கெடுக்கும், இங்கே இதுதான் வேஷத்துக்கான அரிதாரம்.

பேச்சுமொழி நுழைந்தால் ஓர் ஆள் தெரிந்துவிடுவார். ‘டப்பாவ திருப்பிக் குடுங்கப்பா’ என்றால் அது வேண்டுகோள். அதைச் சொன்னவருக்கு வருத்தம் இருக்கிறது, முகம் இருக்கிறது. எதுகை மோனையும் இதே கெடுதலைச் செய்யும். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று பேருந்தில் எழுதியிருப்பது வாசகம், லேபிள் அல்ல. மனத்தில் பதிய வேண்டும் என்று அது சந்தம் தேடுகிறது. லேபிள் பதிவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, சொல்லிவிட்டோம் என்பதே அதற்குப் போதும். எழுதும்போது தற்செயலாகச் சந்தம் விழுந்துவிட்டால் ஒரு சொல்லை மாற்றி உடைத்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு லேபிள்களில் வரும் பிழைகளைப் போலச் செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பிழை இருந்தால் வாசகர் பிழையைப் பார்த்துச் சிரிப்பார், பொருளைப் பார்க்க மாட்டார். ஒற்று, ணகர னகரம், எல்லாம் சரியாக இருக்கட்டும்.

ஒரு லேபிளை முதலிலிருந்து கடைசி வரை எழுதிக் காட்ட முடியுமா?

அதே எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொள்வோம். அடியில் பெயர் வெட்டியது, பக்கத்து வீட்டுக்குக் குழம்போ பாயசமோ கொடுத்தனுப்பப் பயன்படுவது. பெரும்பாலானோர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

> அபாயம்!!! இந்த டப்பாவை இரவல் கொடுத்தால் ஜென்மத்துக்கும் திரும்பி வராது!

படி தவறு, குரல் தவறு, விஷயமும் உண்மையில்லை. டப்பா வரத்தான் செய்யும், எப்போது என்பதுதான் கேள்வி. மிகையைக் கழித்தால் அடுத்தது இப்படி வரும்:

> அறிவிப்பு. இரவல் கொடுக்கப்படும் டப்பா திரும்பி வரத் தாமதமாகலாம்.

குரல் சரியாகிவிட்டது. ஆனால் சப்பென்று இருக்கிறது. புத்தகம், குடை, ஏணி என எதற்கும் இதை ஒட்டலாம். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வரி எந்தப் பொருளுக்கும் உரியதல்ல. இந்த இடத்தில் சொற்களை மெருகேற்றிப் பயனில்லை. பொருளிடம் திரும்பிப் போய், அது ஏன் தாமதமாகிறது என்று பார்க்க வேண்டும்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது வழக்கம். வாங்கிய வீட்டில் ஏதாவது விசேஷமாகச் செய்தால்தான் அது நிரம்பித் திரும்பும். அதுவரை கழுவித் துடைத்து அவர்கள் அலமாரியிலேயே இருக்கும். சில நாளில் அவர்கள் பாத்திரங்களோடு கலந்தும்விடும். ஆக, டப்பாவைத் தாமதப்படுத்துவது கவனக்குறைவு அல்ல, மரியாதை. இதைக் கண்டுபிடித்த பிறகு லேபிள் கிட்டத்தட்ட தானாக எழுதிக்கொள்கிறது.

நிஜ லேபிள் ஒன்றில் மூன்று செய்திகள் வரும்: எது கேடு, அதனால் என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது. அந்த வரிசையிலேயே எழுதுவோம்:

> அறிவிப்பு
> இந்த டப்பா வெறுமையாகத் திருப்பித் தரப்படுவதில்லை. பெறுபவர் வீட்டில் இனிப்பு செய்யப்படும் வரை திரும்பாமல் இருக்கலாம்.
> டப்பாவும் மூடியும் வெவ்வேறு நாள்களில் வந்து சேரலாம்.
> அடியில் பொறிக்கப்பட்ட பெயர் உரிமையாளரைக் குறிக்கும். டப்பாவைத் திரும்ப வரவழைக்காது.
> விரைவில் தேவைப்படும் எனில், ஹோட்டல் பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கவும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அது உண்மையிலேயே பயன்படும் யோசனை. பல வீடுகள் பார்சல் டப்பாக்களைச் சேர்த்து வைப்பதே இதற்காகத்தான். தவிர்க்கும் வழியைச் சொல்லும் வரி நடைமுறையில் வேலை செய்வதாக இருந்தால் மேலே உள்ள மூன்றையும் அது தாங்கிப் பிடிக்கும். அங்கே ‘கடவுளை வேண்டிக்கொள்ளவும்’ என்று முடித்தால் சிரிப்பு அந்த வரியோடு செத்துவிடும், அதற்கு முந்தைய வரிகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம். ஐந்தாவதாக ஒன்று தோன்றினால், ஏற்கெனவே இருப்பதில் பலவீனமான ஒன்றை எடுத்துவிட்டு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைத் தேடு என்கிறீர்கள். எல்லாப் பொருளுக்கும் அப்படிக் காரணம் கிடைக்குமா?

கையில் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தால் கிடைக்கும். டிவி ரிமோட்டைப் பாருங்கள். வேலை செய்யாதபோது எல்லோரும் பின்புறம் தட்டுகிறோம், சில சமயம் அது வேலையும் செய்கிறது. பேட்டரிக்குப் புதிதாகச் சக்தி வந்துவிடவில்லை. தட்டும்போது பேட்டரி அசைந்து, அதன் முனையும் உள்ளே உள்ள சுருள்கம்பியும் மறுபடி நன்றாகத் தொட்டுக்கொள்கின்றன. இதை அப்படியே லேபிள் ஆக்கலாம்:

> அறிவிப்பு. பின்புறம் தட்டுவதால் பேட்டரியில் மின்சாரம் கூடாது. தட்டிய பின் வேலை செய்தால், பேட்டரி சற்று நகர்ந்துள்ளது என்று பொருள். புதிய பேட்டரி வாங்குவதை இது தள்ளிப்போடுமே தவிர, தவிர்க்காது.

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஓர் எலக்ட்ரீஷியன் படித்தாலும் தலையாட்டுவார். பொருளை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் படித்துவிட்டு ‘இது தப்பு’ என்று சொல்லக்கூடாது, அதுதான் சோதனை. சிரிப்பதற்கு முன் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் எழுதியதைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரயில் நிலைய அறிவிப்பு போல ஏற்ற இறக்கம் இல்லாமல் அதை உரக்கப் படியுங்கள். குரல் எங்கே தானாக உயர்கிறதோ, அங்கே லேபிள் கண்ணடிக்கிறது. பெரும்பாலும் ஆச்சரியக்குறி, ‘மகா’, ‘கொடூரமான’ போன்ற அடைமொழி, அல்லது சினிமா வசனத்தின் சாயல் அந்த இடத்தில் இருக்கும். எடுத்துவிடுங்கள்.

தட்டையாகவே படிக்க முடிந்தும் சிரிப்பு வரவில்லை என்றால், பொருளின் பெயரை மறைத்துவிட்டு நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தப் பொருளின் லேபிள் என்று அவரால் சொல்ல முடியவில்லையா? அப்படியானால் வரிகள் பொதுவாக இருக்கின்றன. டப்பாவின் இரண்டாவது வரைவில் இருந்த நோய் அதுதான்.

மூன்றாவதாக வரும் தவறு குறி மாறுவது. லேபிள் பொருளை விட்டுவிட்டு மனிதர் ஒருவரைச் சீண்டத் தொடங்கும். ‘மாமியார் கையில் கொடுக்க வேண்டாம்’ என்ற வகை. ஒரு விஷயம் மீறலாகவும் தீங்கற்றதாகவும் ஒரே நேரத்தில் தோன்றும்போது சிரிப்பு வருகிறது என்று ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். மனிதரைக் குத்தும்போது அந்தத் தீங்கற்ற தன்மை போய்விடுகிறது. டப்பா லேபிளில் பக்கத்து வீட்டார் மீது ஒரு சொல்கூட இல்லாததைத் திரும்பிப் பாருங்கள். அவர்களே படித்தாலும் சிரிக்கலாம்.

அச்சிட்டு ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டப்பாவுக்கு 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் போதும். பொருளைவிட லேபிள் துருத்திக்கொண்டு தெரிந்தால் யாரும் நம்பமாட்டார்கள். எழுத்துரு ஒன்றே ஒன்று, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற அலங்காரமில்லாதது. தலைப்புச் சொல் மட்டும் தடித்த எழுத்தில், வண்ணப் பட்டைக்குள். மற்றவை வெள்ளையில் கறுப்பாக, இடப்பக்கம் ஒட்டி. நடுவில் சீரமைத்தால் கல்யாணப் பத்திரிகை போலாகிவிடும். சிரிக்கும் முகம், பொம்மை எதுவும் வேண்டாம்.

சாதாரண ஸ்டிக்கர் தாள் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். கழுவும் பாத்திரம் என்றால் வினைல் ஸ்டிக்கரில் அச்சிட்டு, வெளிப்பக்கத்தில் மட்டும், சோறு படாத இடத்தில் ஒட்டுங்கள். அடுப்பில் ஏறும் பாத்திரத்தில் ஒட்டவே வேண்டாம். எடுத்தபின் பசை பிசுபிசுத்தால் தேங்காய் எண்ணெய் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு, துணியால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும்.

எந்தப் பொருளில் ஒட்டக்கூடாது?

நிஜமான எச்சரிக்கை தேவைப்படும் எதிலும். கேஸ் சிலிண்டர், பிரஷர் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மருந்து, பினாயில், ஆசிட் பாட்டில், சுவிட்ச் போர்டு ஆகியவை இந்தப் பட்டியலில் கட்டாயம் வரும். குக்கர் விசிலை இரண்டு பேர் எண்ணினால் கணக்கு மாறும் என்பது நல்ல வரிதான், எழுதும் ஆசை வரும். ஆனால் குக்கர் மேல் ஒரு வேடிக்கை லேபிள் இருந்தால், பக்கத்தில் உள்ள நிஜக் குறிப்பையும் கண் வேடிக்கையாகவே படிக்கும். அந்த வரியைச் சமையலறைச் சுவரிலோ கதவிலோ ஒட்டுங்கள், குக்கரில் வேண்டாம்.

நம்பகத்தன்மைக்காக ஐஎஸ்ஐ முத்திரையையோ அரசுச் சின்னத்தையோ லேபிளில் போடும் எண்ணமும் சிலருக்கு வரும். உரிமம் இல்லாமல் ஐஎஸ்ஐ முத்திரையைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் விளையாட்டாக ஒட்டியது, பாத்திரத்தோடு வெளியே போனபின் விளையாட்டாகத் தெரியாமலும் போகலாம். டப்பா லேபிளில் எந்த முத்திரையும் இல்லை. சரியான படி, சரியான நிறம், சரியான வினைமுற்று இருந்தால் அதுவே போதும்.